கச்சா எண்ணெய் பூஜ்ஜியத்துக்குக் கீழே போன இரவு: ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போடக் கற்பவர்களுக்கு

கமாடிட்டி தரகு நிறுவனத்தின் ரிஸ்க் பிரிவில் புதிதாகச் சேருபவரிடம் முதல் வாரமே ஒரு எண்ணைக் காட்டுவார்கள். அதற்கு வேல்யூ அட் ரிஸ்க் என்று பெயர், சுருக்கமாக வி.ஏ.ஆர். "நூற்றில் தொண்ணூற்றொன்பது நாள் நஷ்டம் இதற்குமேல் போகாது" என்று அந்த எண் சொல்லும். அடுத்த வாரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்று இன்னொரு தாள் வரும். அதில் "எண்ணெய் பாதியாக விழுந்தால்", "ரூபாய் பத்து சதவீதம் சரிந்தால்" என்றெல்லாம் எழுதியிருக்கும். ஒன்று இருக்கும்போது மற்றது எதற்கு என்று அநேகமாக எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். 2020 ஏப்ரல் 20 அன்று இந்தியாவின் கமாடிட்டி எக்ஸ்சேஞ்சான எம்சிஎக்ஸின் கச்சா எண்ணெய் ஒப்பந்தத்தில் நடந்ததை ஒரு தாளில் கணக்காகப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு விடை பிடிபட்டது. அதே கணக்கை இங்கே படிப்படியாகப் போடுகிறேன். பக்கத்தில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும்.

நடந்தது என்ன

எம்சிஎக்ஸின் ஏப்ரல் மாத கச்சா எண்ணெய் ஒப்பந்தம் 2020 ஏப்ரல் 20 திங்கட்கிழமை முடிவுக்கு வந்தது. ஒரு லாட் என்பது 100 பேரல். பொதுமுடக்கத்தை ஒட்டி எம்சிஎக்ஸ் தன் நேரத்தை மாலை 5 மணியோடு முடித்துக்கொண்டிருந்த காலம் அது. வழக்கமாக இரவு பதினொன்றரை வரை நடக்கும். அன்று 5 மணிக்குச் சந்தை மூடியபோது விலை பேரலுக்கு ரூ. 965.

ஆனால் கணக்கு தீர்க்கப்படுவது அந்த விலையில் அல்ல. நியூயார்க்கில் அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முக்கிய ரகமான டபிள்யூடிஐ அன்று எந்த விலையில் தீர்க்கப்படுகிறதோ, அதை ரூபாயாக மாற்றினால் கிடைப்பதுதான் இங்கேயும் இறுதி விலை. அந்த விலை அங்கே பிற்பகல் இரண்டரைக்கு முடிவாகிறது. நமக்கு அது நள்ளிரவு 12 மணி. ஆக, 5 மணிக்கும் 12 மணிக்கும் இடையே ஏழு மணி நேரம், கையில் இருப்பதை விற்க வழி கிடையாது.

அந்த ஏழு மணி நேரத்துக்குள், எம்சிஎக்ஸின் ஏப்ரல் ஒப்பந்தம் பின்தொடர்ந்த டபிள்யூடிஐ மே ஒப்பந்தம் பூஜ்ஜியத்தைக் கடந்து கீழே போய் மைனஸ் 37.63 டாலரில் தீர்ந்தது. எம்சிஎக்ஸ் முதலில் தற்காலிகமாக ஒரு ரூபாய் என்று வைத்து, பிறகு இறுதி விலையை மைனஸ் ரூ. 2,884 என்று அறிவித்தது. இரண்டையும் வகுத்தால் டாலருக்கு ரூ. 76.64 வருகிறது. கீழே அந்த மாற்று விகிதத்தையே பயன்படுத்துகிறேன்.

முதல் படி: கையில் இருப்பதை நாலு வரியில் எழுதுங்கள்

ஒருவர் 5 லாட் வாங்கி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். 500 பேரல், விலை ரூ. 965, மொத்த மதிப்பு ரூ. 4,82,500. நஷ்டம் வந்தால் கட்டுவதற்கு அவரிடம் இருக்கும் பணம் ரூ. 6 லட்சம். கையில் உள்ள இந்தப் பொசிஷனின் முழு மதிப்பைவிட அதிகமாகவே பணம் வைத்திருக்கிறார், அதனால் எச்சரிக்கையான ஆள் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

இந்த நாலு வரியோடு நிறுத்தாமல் ஐந்தாவதாக ஒரு வரி எழுதுங்கள்: ஒப்பந்தம் எப்போது, எந்த விலையில், யார் அறிவிக்கும் எண்ணை வைத்துத் தீர்க்கப்படுகிறது? புதியவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். விலை வரைபடத்தில் இந்தத் தகவல் இருக்காது. ஒப்பந்த விதிகளைத் திறந்து படித்தால்தான் கிடைக்கும்.

இரண்டாம் படி: வி.ஏ.ஆர். போடுங்கள்

எளிய முறை, பழைய நாட்களின் விலை மாற்றத்தை எடுத்து இன்றைய பொசிஷன் மீது போட்டுப் பார்ப்பது. `returns` என்பது கடந்த 500 நாட்களின் அன்றாட ஏற்ற இறக்கச் சதவீதம் என்றால்:

```python
import numpy as np
pnl = 500 * 965 * np.array(returns) / 100
print(-np.percentile(pnl, 1))
```

அந்த 500 நாளில் மிக மோசமான ஐந்து நாள் எங்கே தொடங்குகிறதோ, ஏறக்குறைய அந்த இடத்து நஷ்டத்தை இது தரும். தரவு கையில் இல்லை என்றால் தோராயமாகவும் போடலாம். ஒரு நாள் ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 5 சதவீதம் என்று வையுங்கள், எண்ணெய்க்கு அதுவே பெரிய எண். 99 சதவீதத்துக்கு உரிய 2.33 ஆல் அதைப் பெருக்கினால் 11.65 சதவீதம். நஷ்டம் ஏறக்குறைய ரூ. 56,200.

இந்த எண்ணைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அன்றாட வேலைக்கு இது நல்ல கருவி. யார் வரம்பை மீறுகிறார், நேற்றைவிட இன்று அபாயம் கூடியிருக்கிறதா என்பதெல்லாம் இதில் ஒரே பார்வையில் தெரியும். இதைச் சோதித்துப் பார்க்கவும் முடியும். 99 சதவீத வி.ஏ.ஆர். என்றால் 250 வேலை நாளில் இரண்டு மூன்று நாள்தான் நஷ்டம் அதைத் தாண்ட வேண்டும். வங்கிகளுக்கான பாசல் விதிகளில் நாலு முறை வரை பச்சை, ஐந்திலிருந்து ஒன்பது வரை மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் சிவப்பு. ஸ்ட்ரெஸ் டெஸ்டுக்கு இப்படி ஒரு மதிப்பெண் போடும் வசதி கிடையாது.

மூன்றாம் படி: வரலாற்றிலேயே மோசமான நாளைப் போடுங்கள்

"500 நாள் போதாது, இன்னும் பின்னே போகலாமே" என்று யாராவது சொல்வார்கள். சரி, முழுக்கப் போவோம். நியூயார்க்கில் டபிள்யூடிஐ ஒப்பந்தம் 1983 முதல் நடக்கிறது. 2020 ஏப்ரலுக்கு முன் அதன் மிக மோசமான நாள் 1991 ஜனவரி 17. வளைகுடாப் போர் தொடங்கிய அன்று விலை ஏறும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, ஒரே நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. சவூதி அரேபியாவும் ரஷ்யாவும் விலைப்போரில் இறங்கிய 2020 மார்ச் 9 அன்றைய வீழ்ச்சி சுமார் 25 சதவீதம்.

33 சதவீதத்தையே நம் பொசிஷன் மீது போடுங்கள். நஷ்டம் ரூ. 1,59,000 சொச்சம். 37 ஆண்டு வரலாறு தரக்கூடிய மிகக் கெட்ட பதில் இதுதான்.

அன்றிரவு உண்மையில் வந்த நஷ்டத்தைப் பாருங்கள். 965-இலிருந்து மைனஸ் 2,884 வரை பேரலுக்கு ரூ. 3,849. 500 பேரலுக்கு ரூ. 19,24,500. வரலாற்றின் மோசமான நாளைப்போலப் பன்னிரண்டு மடங்கு. பொசிஷனின் முழு மதிப்பைப்போல நாலு மடங்கு. எச்சரிக்கையான நம் ஆள் ஆறு லட்சத்தையும் இழந்து, மேலே பதின்மூன்று லட்சத்துக்கும் அதிகமாகக் கடனாளி ஆகிறார். அவர் கட்டவில்லை என்றால் எக்ஸ்சேஞ்சுக்கு அதைக் கட்ட வேண்டியவர் அவருடைய தரகர். அந்த வாரம் தரகர்கள் நீதிமன்றப் படி ஏறியதற்குக் காரணம் இதுதான்.

நான்காம் படி: மாதிரி எதை மௌனமாக ஒத்துக்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள்

மேலே இருந்த கணக்குமுறையை, அதாவது நம் மாதிரியை, இன்னொரு முறை பாருங்கள். விலை மாற்றத்தைச் சதவீதமாக எடுத்தோம். அன்றுவரை நடந்த எந்த நாளின் சதவீதத்தைப் போட்டாலும் விலை பூஜ்ஜியத்துக்கு மேலேதான் நிற்கும். பலரும் பயன்படுத்தும் மடக்கை வடிவம் இன்னும் கறாரானது:

```
P1 = P0 * exp(r)
```

இதில் `P0` இன்றைய விலை, `P1` நாளைய விலை, `r` மடக்கையில் எடுத்த விலை மாற்றம். `r` எவ்வளவு பெரிய மைனஸாக இருந்தாலும் `P1` பூஜ்ஜியத்தைத் தொடாது. ஆயிரம் வருடத் தரவு கொடுத்தாலும் இதே கதைதான். விலை எதிர்மறையாகப் போவது அரிது என்று இந்த மாதிரி சொல்லவில்லை. அப்படி ஒன்றைச் சொல்வதற்கு அதனிடம் வார்த்தையே இல்லை. ஆப்ஷன் விலை போடும் வழக்கமான சூத்திரத்துக்கும் இதே கோளாறு உண்டு. அதனால்தான் டபிள்யூடிஐ ஒப்பந்தத்தை நடத்தும் சிஎம்இ எக்ஸ்சேஞ்ச் அந்த வாரமே எண்ணெய் ஆப்ஷன்களுக்கு எதிர்மறை விலையையும் ஏற்கும் பாஷெலியே மாதிரிக்கு மாறியது.

இரண்டாவது ஒத்துக்கொள்ளல்: வேண்டும்போது வெளியேறலாம் என்பது. ஒரு நாள் வி.ஏ.ஆர். என்ற பெயருக்குள்ளேயே அது ஒளிந்திருக்கிறது. ஏழு மணி நேரம் கதவு பூட்டியிருக்கும் என்பதைக் கடந்தகால விலை எதுவும் சொல்லாது, ஏனெனில் அந்த நேரக்குறைப்பே வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

மூன்றாவது இன்னும் நுணுக்கமானது. அமைதியான தரவைக் கண்டால் ஆபத்து இல்லை என்று மாதிரி நினைத்துக்கொள்கிறது. இதற்கு எண்ணெயைவிடச் சுவிஸ் பிராங்க் நல்ல உதாரணம். ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று சுவிஸ் தேசிய வங்கி 2011 செப்டம்பர் 6 அன்று அறிவித்தது. மூன்று வருடத்துக்கு மேல் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. 2014-இல் விலைக்கோடு அந்த எல்லைக்குச் சற்று மேலே அசையாமல் கிடந்தது. வி.ஏ.ஆர். மாதத்துக்கு மாதம் சுருங்கியது. 2015 ஜனவரி 15 அன்று வங்கி அந்த எல்லையைக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே விழுந்தது. கோடு அசையாமல் இருந்ததற்குக் காரணம், மேலே போகவோ கீழே போகவோ யாரும் தள்ளவில்லை என்பதல்ல. ஒருவர் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார். தாங்குபவர் யார், எதுவரை தாங்குவார் என்பது விலைத் தரவில் வராது.

இந்தப் படியில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை, உங்கள் மாதிரிக்கு இப்படி மூன்று வாக்கியம் எழுதுவது: "விலை இதற்குக் கீழே போகாது", "இத்தனை மணி நேரத்தில் விற்றுவிடலாம்", "இன்னார் இந்த விதியை மாற்றமாட்டார்". சினாரியோ, அதாவது "இப்படி நடந்தால்" என்று நாம் எழுதும் நிலைமை, அந்த வாக்கியங்களை உடைக்கும் இடத்தில் பிறக்கிறது.

ஐந்தாம் படி: சினாரியோவைக் காரணத்திலிருந்து கட்டுங்கள்

இங்கேதான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். "10 சதவீதம் விழுந்தால், 20 விழுந்தால், 30 விழுந்தால்" என்று எழுதிவிட்டு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் முடிந்தது என்கிறார்கள். அது வி.ஏ.ஆரையே பெருக்கி எழுதியதுதான். புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஏன் விழும் என்று முதலில் கேட்க வேண்டும்.

டபிள்யூடிஐ ஒப்பந்தத்தை முடிவு வரை வைத்திருப்பவர் ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங் என்ற ஊரில் எண்ணெயை நிஜமாகவே பெற்றுக்கொள்ள வேண்டும். அங்கே சுமார் 7.6 கோடி பேரல் கொள்ளளவுக்குத் தொட்டிகள் இருந்தன. ஏப்ரல் நடுவில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிரம்பிவிட்டது, மீதியிலும் பெரும்பகுதி முன்பே வாடகைக்குப் பேசப்பட்டிருந்தது. உலகமே வீட்டுக்குள் இருக்க, எண்ணெயை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. தொட்டி இல்லாதவர் கையில் ஒப்பந்தம் இருந்தால், அதை எடுத்துக்கொள்ள அவர்தான் இன்னொருவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். விலை எதிர்மறை என்பதன் பொருள் இவ்வளவே. குப்பை அள்ளிப்போகக் கூலி கொடுப்பதுபோல.

இதை முன்கூட்டி நினைத்திருக்க முடியுமா? முடியும் என்றே சொல்வேன். குஷிங் இருப்பு வாரந்தோறும் வெளியாகும் புள்ளிவிவரம். எதிர்மறை விலையைத் தன் கணினி அமைப்பு ஏற்கும் என்று சிஎம்இ ஏப்ரல் முதல் பாதியிலேயே உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. சேமிக்க வழியில்லாத பொருளின் விலை கீழே போவது அக்கம்பக்கத்துச் சந்தைகளில் புதிதும் அல்ல: மேற்கு டெக்சாஸின் வாஹாவில் குழாய் போதாமல் 2019-லேயே இயற்கை எரிவாயு விலை எதிர்மறையானது, ஜெர்மனியில் காற்று பலமாக வீசும் நாட்களில் மின்சாரம் எதிர்மறை விலைக்குப் போவது பல வருடமாக நடக்கிறது. நம் பொருளின் வரலாற்றில் இல்லாதது அதன் உறவுக்காரப் பொருளின் வரலாற்றில் இருக்கலாம். சினாரியோ எழுத உட்காரும்போது நான் முதலில் தேடுவது அங்கேதான்.

மைனஸ் 37 என்று யாராலும் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. அது தேவையும் இல்லை. ஒரு ஏணி போட்டால் போதும்:

```python
for usd in (10, 0, -10, -20, -40):
    print(usd, 500 * (usd * 76.64 - 965))
```

10 டாலரில் நஷ்டம் ரூ. 99,300. பூஜ்ஜியத்தில் ரூ. 4,82,500. மைனஸ் 10-இல் ரூ. 8,65,700. மைனஸ் 20-இல் ரூ. 12,48,900. மைனஸ் 40-இல் ரூ. 20,15,300. பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒவ்வொரு டாலருக்கும் மேலும் ரூ. 38,320 போகிறது. அடியில் தரை கிடையாது என்பதை ஏணியின் நாலாவது ஐந்தாவது படிகள் கண்முன் நிறுத்திவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்த ஏணியைச் சதவீதத்தில் எழுதக்கூடாது, டாலரில் எழுத வேண்டும். சதவீதத்தில் எழுதுபவர் "100 சதவீதம் வீழ்ச்சி" என்று போட்டுவிட்டு அதுவே எல்லை என்று கையை எடுத்துவிடுவார்.

ஆறாம் படி: பணம் எப்போது, யாருக்கு, எதிலிருந்து

நஷ்டத்தின் அளவோடு நின்றால் பாதிச் சோதனைதான். மறுநாள் காலையே எக்ஸ்சேஞ்சுக்குப் பணம் போக வேண்டும். ஆறு லட்சத்தில் எவ்வளவு வங்கிக் கணக்கில் இருக்கிறது, எவ்வளவு பங்குகளாக அடமானத்தில் இருக்கிறது? எண்ணெய் இப்படி விழும் நாளில் அந்தப் பங்குகளும் விழுந்திருக்குமா? 2020 மார்ச்சில் இரண்டும் சேர்ந்தேதான் விழுந்தன.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சியா வங்கியைப் பாருங்கள். 2011 ஜூலையில் ஐரோப்பிய வங்கி ஆணையத்தின் ஸ்ட்ரெஸ் டெஸ்டில் நல்ல மதிப்பெண்ணோடு தேறியது. அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியமும் பிரான்சும் அதைத் தூக்கி நிறுத்த வேண்டிவந்தது. அந்தச் சோதனை மூலதனம் போதுமா என்று பார்த்தது. குறுகியகாலக் கடனை நம்பி ஓடிய அந்த வங்கிக்கு நாளைக்குக் கடன் கொடுக்க ஆள் இருக்குமா என்று அது பார்க்கவில்லை. ஸ்ட்ரெஸ் டெஸ்டின் உண்மையான பலவீனம் இதுதான்: எழுதியவருக்குத் தோன்றாத கேள்விக்கு அதில் பதில் இருக்காது. தேறிவிட்டோம் என்ற நிம்மதி மட்டும் இருக்கும். அதனால் சினாரியோவை எழுதுபவரும் பொசிஷன் எடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. சரக்குக் கிடங்கு பார்ப்பவர், வங்கி வேலை பார்ப்பவர், பின்னலுவலகத்தில் கணக்குத் தீர்ப்பவர் என்று மூன்று பேரையாவது உட்காரவைத்துக் கேளுங்கள். 5 மணிக்கும் 12 மணிக்கும் உள்ள இடைவெளி கடைசியாகச் சொன்னவருக்குத் தினசரி வேலை.

ஏழாம் படி: தலைகீழாகப் போடுங்கள்

கடைசியில் கேள்வியைத் திருப்புங்கள். "இவ்வளவு விழுந்தால் எவ்வளவு நஷ்டம்" என்பதற்குப் பதில், "என் பணம் முழுக்கத் தீர எவ்வளவு விழ வேண்டும்?"

ஆறு லட்சத்தை 500 பேரலால் வகுத்தால் பேரலுக்கு ரூ. 1,200. 965-இல் 1,200 கழித்தால் மைனஸ் 235 ரூபாய். டாலரில் ஏறக்குறைய மைனஸ் 3.

இதற்கு என்ன நிகழ்தகவு என்று மேலாளர் கேட்பார். நேர்மையான பதில், சினாரியோவுக்கு நிகழ்தகவு கிடையாது என்பதே. ஒரு எண்ணைக் கற்பனை செய்து எழுதிக்கொடுக்காதீர்கள். மாறாக, மைனஸ் 3 டாலர் நடக்கவே முடியாது என்பதற்கு அவரிடம் ஒரு காரணம் கேளுங்கள். ஏப்ரல் 20 காலையில் அந்தக் காரணம் யாரிடமும் இருந்திருக்காது: தொட்டிகள் நிரம்புகின்றன, சிஎம்இ மைனஸ் விலைக்குத் தயார் என்கிறது, நமக்குச் சந்தை 5 மணிக்கு மூடுகிறது.

அப்போது தாளில் முடிவு தானாக விழும். மைனஸ் 40-இல் ஒரு லாட்டின் நஷ்டம் ரூ. 4,03,060. ஆறு லட்சத்துக்கு ஒரு லாட் தாங்கும், இரண்டு தாங்காது. ஆகவே 5 மணிக்குள் நாலு லாட்டை விற்க வேண்டும். என்னைக் கேட்டால் ஐந்தையும் விற்று, வேண்டுமானால் அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாறிக்கொள்ளச் சொல்வேன். தீர்வு விலை இன்னொரு ஊரில் நள்ளிரவில் முடிவாகும் ஒப்பந்தத்தைக் கடைசி நாள் கடைசி மணி வரை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. 2020 செப்டம்பரில் செபி, விலை பூஜ்ஜியத்தை நெருங்கும்போதும் அதற்குக் கீழே போகும்போதும் பிணையாகக் கட்டும் மார்ஜினை எப்படிக் கணக்கிடுவது என்று தனி விதிமுறை கொண்டுவந்துவிட்டது. உங்கள் மென்பொருளின் விலைக் கட்டத்தில் மைனஸ் 2884 என்று தட்டிப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் நல்லது. சிவப்பில் பிழை காட்டினால் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் தாளில் முதல் வரியாக அதை எழுதிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.